பரோல், ஃபர்லோ, தண்டனைக் குறைப்பு: ஆயுள் கைதியின் குடும்பம் எதை எப்போது கேட்பது?

சிறையில் இருப்பவரின் வீட்டார் மனு எழுதக் கேட்டு வரும்போது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "பரோல்ல எடுக்கணும்." அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் பரோல். பதினாலு வருஷம் ஆகியும் விடவில்லை என்றாலும் பரோல்தான். டில்லியில் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் மூன்று வாரம் வீட்டுக்கு வந்து போகிறாராம், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாலும் அதே பேர். இவை மூன்றும் வேறு வேறு கோரிக்கைகள். முடிவெடுக்கும் அதிகாரி வேறு, விதி வேறு, கிடைத்தால் வரும் பலனும் வேறு. ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைக் கேட்டு மனு போட்டால், ஆறேழு மாதம் காத்திருந்த பிறகு "விதியில் இடமில்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுத் தமிழ்நாட்டுச் சிறையில் இருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குழப்பம் அதிகம் இருப்பது அவர்கள் விஷயத்தில்தான்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: பரோலும் ஃபர்லோவும் ஆளைக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பும், விடுதலைத் தேதியை முன்னே கொண்டுவராது. தண்டனைக் குறைப்பு தேதியை முன்னே கொண்டுவரும், ஆனால் அதற்கான உத்தரவு கையெழுத்தாகும் வரை ஆள் ஒரு நாள்கூட வெளியே வர முடியாது. அதனால் வீட்டுக்கு இப்போது என்ன தேவை என்பதை வைத்துத்தான் மனுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பரோல்: தமிழ்நாட்டில் அது 'விடுப்பு'

சிறை நிர்வாகம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஆகவே பரோல் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் இதை ஆள்வது 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். இந்த விதிகளின்படி கைதிக்குக் கிடைப்பது இரண்டு வகை விடுப்பு: அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு.

பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரின் சாவு, கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு. அது சில நாள்களுக்கு மட்டும். பல வேளைகளில் காவலர்கள் கூடவே வருவார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர் பக்கத்தில் சீருடைக்காரர் நிற்பதைப் பார்த்து வீட்டார் மனம் உடைந்துபோவதுண்டு. ஆனால் வழிக்காவல் வேண்டாம் என்று வாதாடி நேரத்தை இழப்பதைவிட, வழிக்காவலோடு உடனே கிளம்பி வருவது மேல். சாவுக்கு வந்து சேர வேண்டியவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சாதாரண விடுப்புக்கு முதலில் மூன்றாண்டு சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். கிடைத்தால் 21 நாள் முதல் ஒரு மாதம் வரை. காரணம் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பது, வீட்டைக் கட்டுவது அல்லது பழுதுபார்ப்பது, கல்யாண ஏற்பாடு செய்வது, பாகப்பிரிவினைச் சிக்கலைத் தீர்ப்பது, விதைப்பு, அறுவடை போன்ற விவசாய வேலை என்று விதியிலேயே காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. "குடும்பத்தைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதும் மனு இங்கேதான் தோற்கிறது. பார்க்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது அந்த வரிசையில் இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்றால் சேர்க்கைக் கடிதத்தின் நகலையும், கூரை சரிந்துவிட்டது என்றால் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

மனு சிறைக் கண்காணிப்பாளர் வழியாகச் சிறைத்துறைத் துணைத் தலைவருக்குப் போகும். அவர் முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் அறிக்கை கேட்பார்கள். "இவர் வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும்" என்று காவல் நிலையம் ஒரே வரியில் எழுதிவிட்டால் மனு பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும். இறந்தவரின் குடும்பம் அதே தெருவில் இருந்தால் இந்தப் பயம் நியாயமானதே. அப்படிப்பட்ட நிலையில் வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியை முதலிலேயே கொடுத்து, அவரே பிணையாளராக வரச் சம்மதித்தால் அந்த அறிக்கையின் வலு குறையும். மனு தள்ளுபடியானால் அந்த உத்தரவின் நகலை வாங்கி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தகுதி விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் 40ஆம் விதியில் அரசுக்கு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது சிறைத்துறையிடம் விடுப்பு கேட்டுக் காத்திருப்பது வீண். அந்தக் கட்டத்தில், மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 430ஆம் பிரிவு. சென்னை உயர் நீதிமன்றமும் இந்த வழியைத்தான் காட்டியிருக்கிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த நளினியின் அனுபவம் இரண்டு விடுப்புகளின் வித்தியாசத்தையும் தெளிவாகக் காட்டும். 2016இல் தந்தை இறந்தபோது இறுதிச் சடங்குக்காக அவருக்குக் கிடைத்தது ஒரு நாளுக்கும் குறைந்த நேரம், காவலர்கள் சூழ. 2019இல் மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவரே நேரில் வாதாடினார். ஒரு மாதம் கொடுத்தார்கள், பிறகு மூன்று வாரம் நீட்டித்தார்கள். விடுப்பு முடிந்து வேலூர்ச் சிறைக்குத் திரும்பினார். அவர் விடுதலையானது 2022 நவம்பரில், உச்ச நீதிமன்ற உத்தரவால். விடுப்புக்கும் விடுதலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஃபர்லோ: காரணம் கேட்காத விடுப்பு

ஃபர்லோவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட காலம் உள்ளே இருப்பவர் மனம் வறண்டுபோகாமல் இருக்கவும், குடும்ப உறவு அறுந்துபோகாமல் இருக்கவும், நன்னடத்தைக்குப் பலனாகவும் தரப்படுவது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் 1959ஆம் ஆண்டு பம்பாய் ஃபர்லோ, பரோல் விதிகள் இதைத் தனியாகவே வகுத்திருக்கின்றன. டில்லியில் 2018 சிறை விதிகளின்படி, ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்று, மூன்றாண்டு குறையில்லாமல் கழித்தவர் ஓராண்டில் மொத்தம் ஏழு வாரம் வெளியே வரலாம். ஒரு தடவைக்கு மூன்று வாரத்துக்கு மேல் போகாது.

ஃபர்லோவின் பெரிய லாபம் இன்னொன்று. வெளியே கழித்த அந்த நாள்களும் தண்டனை அனுபவித்த நாள்களாகவே எண்ணப்படும். பரோல் நாள்கள் அப்படி எண்ணப்படுவதில்லை. 2022 ஏப்ரலில் அத்பீர் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை சொன்னது. மரண தண்டனையைக் குடியரசுத் தலைவர் ஆயுளாகக் குறைத்தபோது, பரோலும் தண்டனைக் குறைப்பும் இல்லாமல் வாழ்நாள் முழுக்கச் சிறையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். அப்படியானால் ஃபர்லோவும் கிடையாது என்று டில்லி நிர்வாகம் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஃபர்லோவில் போனாலும் தண்டனை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆகவே வாழ்நாள் முழுக்கச் சிறை என்ற நிபந்தனை அதனால் மீறப்படவில்லை என்றது. என்றாவது வெளியே வருவோம் என்ற நம்பிக்கையே இல்லாதவருக்கும் நல்லபடி நடந்துகொள்ள ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று.

ஆனால் ஃபர்லோவும் உரிமை ஆகிவிடாது. 2021 அக்டோபரில் நாராயண் சாய் வழக்கில், குஜராத் உயர் நீதிமன்றம் கொடுத்த இரண்டு வார ஃபர்லோவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால் மறுக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. பொது அமைதிக்கு ஆபத்து என்றாலும், சிறைக்குள் நடத்தை சரியில்லை என்றாலும் மறுக்கலாம் என்று விளக்கியது.

தமிழ்நாட்டு விதிகளில் ஃபர்லோ என்று தனிவகை கிடையாது. இங்கே தண்டனை பெற்று இங்கேயே சிறையில் இருப்பவருக்காக "ஃபர்லோ வேண்டும்" என்று மனு போட்டால் அதை எடுத்துக்கொள்ளப் பிரிவே இல்லை. சாதாரண விடுப்பைத்தான் கேட்க வேண்டும். மும்பையிலோ டில்லியிலோ சிறையில் இருக்கும் தமிழர் குடும்பங்களுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே தகுதி வந்த பிறகும் ஃபர்லோ கேட்காமல், ஒவ்வொரு முறையும் காரணம் தேடிப் பரோலே கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்: காரணத்தை நிரூபிக்கும் அலைச்சல் ஒன்று, அந்த நாள்கள் தண்டனையில் சேராதது இன்னொன்று.

தண்டனைக் குறைப்பு: இரண்டு கணக்குகள்

இங்கே ஒரே பேரில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வேலை செய்ததற்கும் ஒழுங்காக இருந்ததற்கும் சிறையில் மாதாமாதம் சில நாள்களை வரவு வைப்பார்கள். அது ஈட்டிய குறைப்பு. இன்னொன்று, தண்டனையின் மிச்சப் பகுதியை அரசு உத்தரவு போட்டுத் தள்ளுபடி செய்வது. பழைய 432ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 473. முன்விடுதலை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான தண்டனை என்றால் முதல் கணக்கே போதும். பத்தாண்டு தண்டனை பெற்றவர் 600 நாள் ஈட்டியிருந்தால் ஏறக்குறைய எட்டாண்டு நான்கு மாதத்தில் வெளியே வந்துவிடுவார். தனி அரசாணை எதுவும் வேண்டாம். ஆயுள் தண்டனைக்கு இந்தக் கழித்தல் செல்லாது. ஆயுள் என்றால் சாகும் வரை என்று 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை நாளை எதிலிருந்து கழிப்பது? முடிவுத் தேதியே இல்லாத தண்டனையில் ஈட்டிய நாள்கள் தாமாக யாரையும் விடுவிக்காது. "குறைப்பெல்லாம் சேர்த்தால் இருபது வருஷம் தாண்டிவிட்டது, ஏன் விடவில்லை?" என்று கொதிக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அரசின் உத்தரவு வந்தே ஆக வேண்டும்.

பதினாலு வருஷம் என்ற கணக்கு 433-ஏ பிரிவிலிருந்து வருகிறது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 475. மரண தண்டனை விதிக்க இடமுள்ள குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், அல்லது மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவர், உண்மையாகவே 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் 473ஆம் பிரிவில் அவரை விடுவிக்க முடியாது. ஈட்டிய நாள்களை இந்தப் பதினாலில் சேர்க்க முடியாது. பதினாலு முடிந்தால் கதவு தானே திறக்கும் என்றும் பொருள் இல்லை. அன்றிலிருந்துதான் பரிசீலிக்கத் தகுதி. இந்தத் தடை, அரசியல் சாசனத்தின் 161ஆம் உறுப்பில் தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு இருக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது. 1980இல் மரு ராம் வழக்கில் அது தெளிவானது. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஏழாண்டு முடித்த ஆயுள் கைதிகளையும், 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிப் பத்தாண்டு முடித்தவர்களையும் தமிழக அரசு விடுவித்தது இந்த வழியில்தான். அந்த அரசாணைகளில் பாலியல் வன்கொடுமை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர்களை விலக்கியிருந்தார்கள். ஆகவே அரசாணை வந்த செய்தியைக் கேட்டதும், நம் வழக்கின் பிரிவுகள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

எந்த அரசிடம் கேட்பது என்பதும் சின்ன விஷயமல்ல. தண்டனை கொடுத்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசிடம்தான் கேட்க வேண்டும். குற்றம் நடந்த மாநிலத்தையோ ஆள் சிறையில் இருக்கும் மாநிலத்தையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குஜராத்தில், விசாரணை மாற்றப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது மும்பையில். குஜராத் அரசு 2022 ஆகஸ்டில் பதினொரு பேரை விடுவித்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லி ரத்து செய்தது. அந்த மாதமே அவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பு நீதி என்றே நான் நினைக்கிறேன். மனு போடுகிற மற்றவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது: அதிகாரமில்லாத அரசின் உத்தரவு ஆளை வெளியே கொண்டுவந்தாலும் நிலைக்காது. சி.பி.ஐ. புலனாய்வு செய்த வழக்கென்றால் மாநில அரசு தானாகவே முடிவெடுத்துவிட முடியாது, மத்திய அரசின் இசைவும் வேண்டும் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வு ஸ்ரீஹரன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் கைது. ஆறு மாதம் விசாரணைக் காவலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். 2014 ஜூலை 1 அன்று கொலைக்கு ஆயுள் தண்டனை. அன்று முதல் சிறையில்தான். இடையில் சாதாரண விடுப்பாகவும் அவசர விடுப்பாகவும் மொத்தம் 120 நாள் வெளியே வந்திருக்கிறார். ஈட்டிய குறைப்பு மூன்றாண்டு.

2014 ஜூலையிலிருந்து பதினாலு என்றால் 2028 ஜூலை. விசாரணைக் காவலில் இருந்த ஆறு மாதமும் கணக்கில் சேரும், பழைய 428ஆம் பிரிவு ஆயுள் தண்டனைக்கும் பொருந்தும். அப்படியானால் 2028 ஜனவரி. ஆனால் விடுப்பில் இருந்த 120 நாளும் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்த நாள்கள். அவை உள்ளே இருந்ததாக ஆகாது. 2023 ஜனவரியில் ரோஹன் துங்கத் வழக்கில் கோவா விதிகளைப் பார்த்த உச்ச நீதிமன்றம், பதினாலாண்டுச் சிறைவாசத்தை எண்ணும்போது பரோல் நாள்களைக் கழித்துவிட வேண்டும் என்றே சொன்னது. ஆக 2028 ஏப்ரல் கடைசி. இதே 120 நாளை டில்லியில் ஃபர்லோவாக எடுத்திருந்தால் தேதி 2028 ஜனவரியிலேயே நின்றிருக்கும். ஈட்டிய மூன்றாண்டு இந்தத் தேதியை ஒரு நாள்கூட நகர்த்தவில்லை என்பதையும் கவனியுங்கள். அதன் பயன் வேறு: நடத்தை நன்றாக இருந்ததற்கு அதுதான் எழுத்தில் இருக்கும் சான்று, முன்விடுதலைக் கோப்பில் கனமாக நிற்கும்.

அப்படியானால் விடுப்பே எடுக்காமல் இருந்துவிடலாமா என்று கேட்பார்கள். என் பதில்: கூடாது. நான்கு மாதம் தள்ளிப்போவது உண்மைதான். ஆனால் குறித்த நாளில், குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்த ஒவ்வொரு விடுப்பும், வெளியே விட்டால் இவர் எப்படி இருப்பார் என்ற கேள்விக்கு நன்னடத்தை அலுவலர் கையில் இருக்கும் நேரடி விடை. முன்விடுதலையைப் பரிசீலிக்கும்போது மீண்டும் குற்றம் செய்வாரா, குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2000இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. இருபதாண்டாக வீட்டு வாசலை மிதிக்காதவரின் கோப்பில் இதற்கு என்ன எழுத முடியும்? அதே சமயம் ஒரு தடவை தாமதமாகத் திரும்பினாலும் எல்லாம் தலைகீழாகும். அடுத்த விடுப்பு அடைபடும், ஈட்டிய நாள்கள் பறிபோகலாம், நிபந்தனையை மீறியவரை வாரண்டு இல்லாமலே காவல்துறை பிடிக்க 473ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பேருந்து கிடைக்கவில்லை, காய்ச்சல் என்ற காரணங்களெல்லாம் அந்த மாலையிலேயே அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்தில் பதிவானால்தான் உதவும்.

எதை எப்போது

வீட்டில் சாவு அல்லது கடும் நோய் என்றால் வேறு யோசனை வேண்டாம், அவசர விடுப்பு. கல்யாணம், படிப்பு, வீடு, நிலம் என்று முன்கூட்டியே தெரிந்த காரணம் என்றால் சாதாரண விடுப்பு. நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்கும் காவல் நிலைய அறிக்கைக்கும் நாள் பிடிக்கும், அதனால் மூன்று மாதம் முன்பே மனு உள்ளே போயிருக்க வேண்டும். பள்ளி ஜூனில் திறக்கிறது என்றால் மே மாதக் கடைசியில் மனுவோடு ஓடுவதில் பயனில்லை.

முன்விடுதலைக்கு, பதினாலாண்டு முடியும் தேதியைக் காத்திருக்காமல் அதற்கு ஓராண்டு முன்பே இரண்டு தாள்களைச் சிறையிலிருந்து வாங்கிவிடுங்கள். ஒன்று, விசாரணைக் காவல், சிறைவாசம், விடுப்பு நாள்கள் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கணக்குத் தாள். இன்னொன்று, சிறைக்குள் நடந்த தவறுகளுக்கான தண்டனைப் பதிவு. விடுப்பு நாள்களைத் தவறாகக் கூட்டியிருப்பதும், விசாரணைக் காவலை விட்டுவிட்டதும் சாதாரணமாக நடக்கிற தவறுகள். தேதி நெருங்கிய பிறகு இவற்றைத் திருத்தப் போனால் கோப்பு ஒரு சுற்று பின்னால் போய்விடும். எந்தக் கொள்கை பொருந்தும் என்ற சிக்கல் வந்தால், தண்டனை விதிக்கப்பட்ட நாளில் இருந்த கொள்கையே பொருந்தும், பிறகு வந்தது தாராளமாக இருந்தால் அந்தச் சலுகையையும் கேட்கலாம் என்ற 2010இன் ஜகதீஷ் தீர்ப்பைக் காட்டுங்கள். தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் நீதிபதி "பரிந்துரைக்கவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது போதாது, காரணம் வேண்டும் என்று 2022இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2025 பிப்ரவரி 18 முதல் இன்னொரு மாற்றம். முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி மனு போடாவிட்டாலும் அரசே அவர் கோப்பை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். தகுதித் தேதி கடந்ததும் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, கணக்குத் தாளை இணைத்து, சிறைக் கண்காணிப்பாளர் வழியாக உள்துறைச் செயலருக்கு ஒரு மனு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடும்போது அந்த ஒப்புகைதான் முதல் ஆவணம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இலவசமாக ஆள் தரும். சிறைக்குள்ளேயே இருக்கும் சட்ட உதவி மையத்தில் கைதி தாமே கேட்டு எழுதிக்கொடுக்கலாம்.